டெர்மினல் வேல்யூ கணக்கு: 4-ஆம் ஆண்டில்தான் மதிப்பெண் போகிறது

ஃப்ரீ கேஷ் ஃப்ளோ வைத்து நிறுவனத்தை மதிப்பிடும் கணக்கில், முதல் சில ஆண்டுகளைப் பெரும்பாலோர் சரியாகவே போட்டுவிடுகிறார்கள். அதிவேக வளர்ச்சி முடிந்து நிலையான வளர்ச்சி தொடங்கும் இடத்தில்தான் தடுமாற்றம் வருகிறது. என்னிடம் வரும் சந்தேகங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரே இடத்தைப் பற்றியவை. அதனால் இந்தப் பக்கம் முழுக்க ஒரே கணக்கையே வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

எடையிட்ட சராசரி மூலதனச் செலவு வீதத்தை எல்லோரும் சொல்வதுபோல் வாக் என்கிறேன். வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம் எபிட். சொத்து வாங்கச் செலவிடும் தொகை கேபெக்ஸ். அதையும் 'மூலதனச் செலவு' என்று எழுதினால் வாக்கோடு குழம்பிவிடும்.

முதலில் கணக்கை முழுசாக ஒருமுறை போட்டுக் காட்ட முடியுமா?

சரி. ஒரு நிறுவனத்தின் நடப்பு ஆண்டு விற்பனை 1000. தொகைகள் எல்லாம் லட்சத்தில். விற்பனையில் 20% எபிட், வரி 25%. நடப்பு ஆண்டுத் தேய்மானம் 50, கேபெக்ஸ் 90. நடைமுறை மூலதனம் எப்போதும் விற்பனையில் 20%. அடுத்த 3 ஆண்டுகளுக்கு விற்பனை, தேய்மானம், கேபெக்ஸ் மூன்றும் ஆண்டுக்கு 10% வளரும். அதன்பின் விற்பனையும் தேய்மானமும் என்றென்றும் 5% வளரும். அந்த நிலையான காலத்தில் கேபெக்ஸ், தேய்மானத்தைப்போல் ஒன்றரை மடங்கு இருக்கும். வாக் 12%. கடன் 300, உபரி ரொக்கம் 50, பங்குகள் 10 லட்சம். ஒரு பங்கின் மதிப்பு என்ன?

| விவரம் | 1 | 2 | 3 | 4 |
|---|---|---|---|---|
| விற்பனை | 1100 | 1210 | 1331 | 1397.55 |
| எபிட் | 220 | 242 | 266.20 | 279.51 |
| வரி போக எபிட் | 165 | 181.50 | 199.65 | 209.63 |
| கூட்டு: தேய்மானம் | 55 | 60.50 | 66.55 | 69.88 |
| கழி: கேபெக்ஸ் | 99 | 108.90 | 119.79 | 104.82 |
| கழி: நடைமுறை மூலதனக் கூடுதல் | 20 | 22 | 24.20 | 13.31 |
| ஃப்ரீ கேஷ் ஃப்ளோ | 101 | 111.10 | 122.21 | 161.38 |

12 சதவீதத்துக்கான டிஸ்கவுண்ட் ஃபேக்டர்கள் 0.893, 0.797, 0.712. முதல் 3 ஆண்டுகளின் இன்றைய மதிப்பு 90.19 + 88.55 + 87.01, ஆக 265.75. 4-ஆம் ஆண்டு முதல் என்றென்றும் வரும் பணம் முழுவதையும் 3-ஆம் ஆண்டு முடிவில் ஒரே தொகையாக்கிச் சொல்வதுதான் டெர்மினல் வேல்யூ. கீழே அது TV3, 4-ஆம் ஆண்டின் ஃப்ரீ கேஷ் ஃப்ளோ FCFF4, வாக் WACC, நிலையான வளர்ச்சி வீதம் g.

```
TV3 = FCFF4 / (WACC - g)
    = 161.38 / (0.12 - 0.05)
    = 2305.43
```

இதை 0.712 ஆல் பெருக்கினால் 1641.47. இரண்டையும் கூட்டினால் நிறுவனத்தின் இயக்க மதிப்பு 1907.22. உபரி ரொக்கம் 50 சேர்த்து, கடன் 300 கழித்தால் ஈக்விட்டி மதிப்பு 1657.22. 10 லட்சம் பங்குகளால் வகுத்தால் ஒரு பங்குக்கு 165.72.

இனி வரும் எல்லாக் கேள்விகளுக்கும் இந்த அட்டவணைதான் ஆதாரம்.

வட்டியை ஏன் கழிக்கவில்லை? நிறுவனம் கடனுக்கு வட்டி கட்டுகிறதே?

கட்டுகிறது. ஆனால் இங்கே அளப்பது பங்குதாரருக்கும் கடன் கொடுத்தவருக்கும் சேர்த்து எவ்வளவு பணம் மிஞ்சுகிறது என்பதை. வட்டி என்பது கடன் கொடுத்தவரின் பங்கு. அதைக் கழித்துவிட்டால் அவருடைய பங்கு ஏற்கெனவே வெளியே போய்விடும். கடைசியில் கடன் 300 என்று மறுபடியும் கழிப்பீர்கள். ஒரே செலவை இரண்டு தடவை கழித்தது ஆகிவிடும். வாக்கிலும் கடனின் செலவு ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது.

வினாவில் எபிட் கொடுக்காமல் வரிக்குப் பிந்தைய நிகர லாபம் மட்டும் கொடுத்தால், வட்டியை வரி நீக்கி மறுபடி கூட்ட வேண்டும். நம் நிறுவனத்துக்கு 300 கடனுக்கு 8% வட்டி என்றால் 24. நடப்பு ஆண்டு எபிட் 200, வட்டி போக 176, வரி 44, நிகர லாபம் 132. இதோடு 24 × 0.75 = 18 கூட்டினால் 150. எபிட்டில் நேரடியாக 200 × 0.75 போட்டாலும் அதே 150 தான். முழு 24 ஐயும் கூட்டுகிறவர்கள் 156 என்று எழுதுவார்கள். வட்டியால் கிடைத்த வரிச் சேமிப்பு 6 உள்ளே புகுந்துவிட்டது. அந்தச் சேமிப்பை வாக் கணக்கிடும்போதே, கடனின் செலவை வரி நீக்கிப் போட்டு எடுத்துக்கொண்டாகிவிட்டது.

நடைமுறை மூலதனம் 20% என்றால் 1-ஆம் ஆண்டில் 220 கழிக்க வேண்டாமா? 20 மட்டும் ஏன்?

220 என்பது அந்த ஆண்டு முடிவில் சரக்கிலும் வரவேண்டிய பாக்கியிலும் முடங்கிக் கிடக்கும் மொத்தத் தொகை. அதில் 200 போன ஆண்டே முடங்கியது. இந்த ஆண்டு புதிதாகக் கையை விட்டுப் போனது 20 மட்டும். பணவரவுக் கணக்கில் அந்த ஆண்டில் அசைந்த பணத்துக்குத்தான் இடம். 220 ஐக் கழித்தால் 1-ஆம் ஆண்டின் பணவரவு −99 ஆகிவிடும். நல்ல லாபம் ஈட்டும் நிறுவனத்துக்கு இப்படி மைனஸ் வந்தால் முதலில் இந்த வரியைத்தான் திரும்பிப் பாருங்கள்.

சில வினாக்களில் 'விற்பனையில் ஏற்படும் அதிகரிப்பில் 20%' என்று நேராகவே இருக்கும். வேறு சிலவற்றில் 'விற்பனையில் 20%' என்று மட்டும் இருக்கும். இரண்டாவது வகையில் நீங்கள்தான் வித்தியாசத்தை எடுக்க வேண்டும்.

3-ஆம் ஆண்டின் 122.21 ஐ 1.05 ஆல் பெருக்கினாலே 4-ஆம் ஆண்டு வந்துவிடுமே? எதற்குத் தனியாக ஒரு பத்தி?

பெருக்கினால் 128.32 வரும். அட்டவணையில் இருப்பதோ 161.38. இந்த 33 லட்ச வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிட்டால் இந்த வகைக் கணக்கில் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

122.21 என்பது 10% வளரும் நிறுவனத்தின் பணவரவு. அவ்வளவு வேகமாக வளர, லாபத்தில் கணிசமான பகுதியைத் திரும்ப உள்ளே போட வேண்டியிருந்தது. 3-ஆம் ஆண்டில் தேய்மானம் போக நிகரக் கேபெக்ஸ் 53.24, நடைமுறை மூலதனத்துக்கு 24.20. வேகம் 5 சதவீதமாகக் குறையும்போது இந்தத் தேவையும் குறையும். 122.21 × 1.05 என்று எழுதுகிறவர், வளர்ச்சியைக் குறைத்துவிட்டு, பழைய வளர்ச்சிக்கான முதலீட்டுச் சுமையை மட்டும் அப்படியே என்றென்றும் சுமக்கவிடுகிறார்.

ஒவ்வொரு வரியாகப் பார்ப்போம். எபிட்டுக்கு 1.05 பெருக்கல் சரி. 199.65 × 1.05 = 209.63. தேய்மானத்துக்கும் சரி, வினாவே அப்படித்தான் சொல்கிறது. நடைமுறை மூலதனத்தில்தான் முதல் கண்ணி. 24.20 × 1.05 = 25.41 என்று போடத் தோன்றும். ஆனால் 4-ஆம் ஆண்டில் விற்பனை கூடுவது 1397.55 − 1331 = 66.55 மட்டும். அதில் 20% என்பது 13.31. விற்பனையின் அதிகரிப்பே முந்தைய ஆண்டின் 121 இலிருந்து 66.55 ஆகச் சுருங்கிவிட்டது. அதனால் அதைப் பின்பற்றும் தொகையும் சுருங்க வேண்டும். வளர்ச்சி வீதம் மாறும் ஆண்டில் நடைமுறை மூலதனக் கூடுதலை முந்தைய ஆண்டிலிருந்து பெருக்கி எடுக்கவே கூடாது. எப்போதும் விற்பனை வித்தியாசத்திலிருந்துதான் எடுக்க வேண்டும்.

இந்த ஒரு திருத்தமே 12.10 தருகிறது. அதாவது கேபெக்ஸ் பற்றி வினா எதுவும் சொல்லாமல் விட்டிருந்தால்கூட 4-ஆம் ஆண்டு 128.32 ஆக இருக்காது, 140.42 ஆக இருக்கும். இதைக் கவனிக்காதவர்கள்தான் அதிகம். கேபெக்ஸ் பற்றித் தனியாக வாக்கியம் இருப்பதால் அது கண்ணில் பட்டுவிடும். நடைமுறை மூலதனத்துக்கு அப்படி எச்சரிக்கை எதுவும் இருக்காது.

மீதி வித்தியாசம் கேபெக்ஸிலிருந்து. பழைய விகிதத்தில் வளர்ந்திருந்தால் 119.79 × 1.05 = 125.78. ஒன்றரை மடங்கு விதிப்படி 69.88 × 1.5 = 104.82. குறைவு 20.96. இரண்டையும் சேர்த்தால் 33.06. 128.32 + 33.06 = 161.38. கணக்கு இடிக்கவில்லை.

விடையில் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்றும் பார்த்துவிடலாம். 128.32 ஐ வைத்தால் டெர்மினல் வேல்யூ 1833.14, அதன் இன்றைய மதிப்பு 1305.20, ஈக்விட்டி 1320.95, பங்குக்கு 132.10. சரியான விடை 165.72. மூன்று ஆண்டுக் கணக்கைப் பிசகில்லாமல் போட்டுவிட்டு, ஒரே பெருக்கலில் பங்குக்கு 33.62 தவறவிட்டாயிற்று.

அப்படியென்றால் 1.05 ஆல் பெருக்குவது எப்போதுமே தப்பா?

இல்லை. 'நடப்பு ஆண்டின் ஃப்ரீ கேஷ் ஃப்ளோ 101, அது 3 ஆண்டுகளுக்கு 10%, பின்னர் 5% வளரும்' என்று பணவரவின் வளர்ச்சியையே வினா நேரடியாகச் சொன்னால் பெருக்கிவிட்டுப் போக வேண்டியதுதான். உள்ளே பிரித்துப் பார்க்க அங்கே எந்த விவரமும் இல்லை. விற்பனை, கேபெக்ஸ், நடைமுறை மூலதனம் என்று தனித்தனியாகக் கொடுத்திருந்தால் மட்டும் 4-ஆம் ஆண்டுக்குத் தனிப் பத்தி போடுங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு பிழையும் உண்டு. 161.38 ஐத் தனியாகக் கணக்கிட்டு எடுத்த பிறகு, மனப்பாடமான சூத்திர வேகத்தில் அதையும் 1.05 ஆல் பெருக்கிவிடுகிறார்கள். மேலே எழுதிய சூத்திரத்தில் தொகுதியில் இருப்பது 4-ஆம் ஆண்டின் பணவரவு. அது கையில் வந்தாயிற்று. 3-ஆம் ஆண்டின் தொகையிலிருந்து தொடங்கினால்தான் பெருக்கல் தேவை.

டெர்மினல் வேல்யூவில் 4-ஆம் ஆண்டுப் பணம் இருக்கிறது. அப்போ 4-ஆம் ஆண்டு ஃபேக்டர்தானே போட வேண்டும்?

3-ஆம் ஆண்டு ஃபேக்டர்தான். அந்தச் சூத்திரம் ஒரு பணத் தொடரின் மதிப்பை, அதன் முதல் பணம் வருவதற்குச் சரியாக ஓராண்டு முன்பு நின்று சொல்கிறது. முதல் பணம் 4-ஆம் ஆண்டு முடிவில் வருகிறது. அப்படியானால் 2305.43 என்பது 3-ஆம் ஆண்டு முடிவில் நின்று பார்த்த மதிப்பு. அங்கிருந்து இன்றைக்கு மூன்றே ஆண்டுத் தொலைவு.

சொன்னால் நம்பிக்கை வராது, போட்டுப் பாருங்கள். 4-ஆம் ஆண்டையும் தனியாகக் கழிவு செய்து, டெர்மினல் வேல்யூவை 4-ஆம் ஆண்டு முடிவுக்குத் தள்ளி வைக்கலாம். 4-ஆம் ஆண்டு ஃபேக்டர் 0.636. 161.38 × 0.636 = 102.64. 5-ஆம் ஆண்டுப் பணவரவு 161.38 × 1.05 = 169.45. (இங்கே பெருக்கலாம். நிலையான காலத்துக்குள் வந்தாயிற்று, எல்லா வரியும் 5 சதவீதத்திலேயே வளர்கிறது.) 169.45 ÷ 0.07 = 2420.71. அதை 0.636 ஆல் பெருக்கினால் 1539.57. இரண்டும் சேர்ந்து 1642.21. முன்பு வந்தது 1641.47. சிறு வித்தியாசம் மூன்று தசம ஃபேக்டரால் வருவது.

2305.43 ஐ 0.636 ஆல் பெருக்கியவர்களுக்கு 1466.25 கிடைக்கும். சுமார் 175 லட்சம் காற்றில் போயிற்று. பங்குக்கு 17.52. விடைத்தாளில் நான் அடிக்கடி சிவப்பு மை போடும் இடம் இது. எளிய வழி, டெர்மினல் வேல்யூவைக் கண்டுபிடித்ததும் அட்டவணையில் 3-ஆம் ஆண்டுப் பத்தியிலேயே 122.21 க்குக் கீழே எழுதிவிடுங்கள். அந்தப் பத்திக்கு என்ன ஃபேக்டரோ அதுவே இதற்கும்.

நிலையான காலத்தில் வாக் 11 சதவீதமாகக் குறையும் என்று கொடுத்தால் எந்த வாக்கை எங்கே போடுவது?

சூத்திரத்தின் பகுதியில் 11%, கழிவு செய்ய 12%. டெர்மினல் வேல்யூ 161.38 ÷ 0.06 = 2689.67. 4-ஆம் ஆண்டிலிருந்து வரும் பணத்துக்கு முதலீட்டாளர் கேட்கும் வருமானம் 11%, அதனால் பகுதியில் அது. ஆனால் 3-ஆம் ஆண்டு முடிவிலிருந்து இன்றைக்கு வரும் பாதை முதல் மூன்று ஆண்டுகளின் வழியாகத்தான் போகிறது. அந்த ஆண்டுகளில் வீதம் 12%. ஆகவே 0.712 தான். 2689.67 × 0.712 = 1915.05. நிறுவன மதிப்பு 2180.80.

முதல் மூன்று ஆண்டுகளுக்குள்ளேயே வாக் ஆண்டுக்கு ஆண்டு மாறினால் ஃபேக்டரை அடுக்காகப் போடாமல், ஒவ்வோர் ஆண்டின் வீதத்தையும் தொடர்ச்சியாகப் பெருக்க வேண்டும். முதல் ஆண்டு 12%, இரண்டாம் ஆண்டு 11% என்றால் 2-ஆம் ஆண்டு ஃபேக்டர்:

```
1 / (1.12 × 1.11) = 0.804
```

'நிலையான காலத்தில் கேபெக்ஸ் தேய்மானத்தால் ஈடுசெய்யப்படும்' என்று வினாவில் இருந்தால்?

இரண்டு வரியையும் விட்டுவிட்டுப் போங்கள். 209.63 − 13.31 = 196.32. அதுவே 4-ஆம் ஆண்டுப் பணவரவு. டெர்மினல் வேல்யூ 2804.57 ஆக ஏறிவிடும். நடைமுறை மூலதனத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஈடாவது கேபெக்ஸ்தான், அது அல்ல.

தேர்வுக்கு இது போதும். ஆனால் இந்த அனுமானம் எனக்குப் பிடித்தமானதல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன். நிகரக் கேபெக்ஸ் பூஜ்யம் என்றால் நிலையான சொத்து ஒரு ரூபாய்கூடக் கூடாமல் விற்பனை மட்டும் என்றென்றும் 5% வளர்கிறது என்று பொருள். கொஞ்சம் அதிகமான நம்பிக்கை. அது எவ்வளவு அதிகம் என்பதை அளக்கவும் ஒரு வழி இருக்கிறது.

மொத்த மதிப்பில் 86% டெர்மினல் வேல்யூவிலிருந்தே வருகிறதே, ஏதாவது தப்பு நடந்திருக்குமா?

1907.22 இல் 1641.47 என்பது 86% தான். மூன்றே ஆண்டுகளை விரித்து எழுதிவிட்டு மீதி முடிவில்லாக் காலத்தை ஒரே எண்ணில் அடைத்தால் இப்படித்தான் வரும். இந்தச் சதவீதத்தை வைத்துப் பிழை கண்டுபிடிக்க முடியாது. வேறொரு சோதனை உண்டு, அது நிஜமாகவே உதவும்.

வரி போக எபிட்டில் எத்தனை சதவீதம் திரும்ப முதலீடாகிறது என்று பாருங்கள். வளர்ச்சி வீதத்தை அந்தச் சதவீதத்தால் வகுத்தால், புதிதாகப் போடும் முதலீடு எவ்வளவு சம்பாதிக்கிறது என்று தெரியும். 1-ஆம் ஆண்டில் நிகரக் கேபெக்ஸ் 44, நடைமுறை மூலதனம் 20, ஆக 64. 165 இல் இது 38.8%. 10% வளர்ச்சியை 38.8 சதவீதத்தால் வகுத்தால் 25.8%. 4-ஆம் ஆண்டில் முதலீடு 34.94 + 13.31 = 48.25. 209.63 இல் 23%. 5 ஐ 23 சதவீதத்தால் வகுத்தால் 21.7%. அதிவேகக் காலத்தைவிடச் சற்றுக் குறைந்திருக்கிறது. போட்டி வரும்போது புது முதலீட்டின் வருமானம் குறைவதுதான் இயல்பு என்பதால் நம்பத்தகுந்த எண்.

முந்தைய கேள்வியின் 'ஈடுசெய்யப்படும்' அனுமானத்தில் முதலீடு வெறும் 13.31, அதாவது 6.35%. 5 ஐ அதால் வகுத்தால் கிட்டத்தட்ட 79%. வேகமாக வளர்ந்த காலத்தில் 26% சம்பாதித்த நிறுவனம், வளர்ச்சி மந்தமான பிறகு புது முதலீட்டில் என்றென்றும் 79% சம்பாதிக்கும் என்கிறது அந்த வாக்கியம். என் தயக்கம் இதனால்தான்.

நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். 122.21 × 1.05 என்று போட்டவரின் விடையை இதே சோதனையில் வைத்தால், 38.8% முதலீடு, 5% வளர்ச்சி, வருமானம் 12.9%. வாக்கைவிடச் சற்றே அதிகம். பொருளாதார ரீதியில் அது அபத்தமான எண்ணே இல்லை. நிஜ உலகில் ஒரு எச்சரிக்கையான மதிப்பீட்டாளர் அதன் அருகில் வந்து நிற்கக்கூடும். ஆனால் நம் வினா அந்த உலகத்தைக் கொடுக்கவில்லை. கேபெக்ஸ் ஒன்றரை மடங்கு, நடைமுறை மூலதனம் 20% என்று அது தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

சில வினாக்களில் கேபெக்ஸே இல்லை. 'நிலையான காலத்தில் முதலீட்டின் மீதான வருமானம் 15%' என்று மட்டும் இருக்கிறது. என்ன செய்வது?

மேலே சொன்ன சோதனையைத் தலைகீழாகத் திருப்புங்கள். வளர்ச்சி 5%, வருமானம் 15% என்றால் லாபத்தில் மூன்றில் ஒரு பங்கைத் திரும்பப் போட வேண்டும்.

```
FCFF4 = EBIT4 × (1 - t) × (1 - g / ROIC)
      = 209.63 × (1 - 0.05 / 0.15)
      = 139.75
```

டெர்மினல் வேல்யூ 139.75 ÷ 0.07 = 1996.43. நடைமுறை மூலதனத்தைத் தனியாகக் கழிக்கக் கூடாது, அந்த மூன்றில் ஒரு பங்குக்குள் அதுவும் அடக்கம்.

வருமானம் வாக்குக்குச் சமமாக 12% என்றே கொடுத்துவிட்டால் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. 209.63 ஐ நேராக 0.12 ஆல் வகுத்தால் போதும், 1746.92. வளர்ச்சி வீதம் 5% ஆனாலும் 2% ஆனாலும் 4-ஆம் ஆண்டு லாபம் அதேயாக இருக்கும்வரை விடை மாறாது. போடும் பணத்துக்குச் செலவாகும் வீதமே வருமானமாகவும் வந்தால் வளர்வதால் எந்த லாபமும் இல்லை. இதைப் புரிந்துகொண்டீர்களா என்று பார்க்கவே சிலர் அப்படி வினா அமைக்கிறார்கள்.

நிலையான வளர்ச்சி வீதம் வாக்கைவிட அதிகமாகக் கொடுத்தால்?

சூத்திரம் செல்லாது. பகுதி மைனஸ் ஆகும், விடையும் மைனஸாக வரும், அதற்கு எந்தப் பொருளும் இல்லை. ஒவ்வோர் ஆண்டின் இன்றைய மதிப்பும் முந்தைய ஆண்டைவிடப் பெரிதாகிக்கொண்டே போவதால் கூட்டுத்தொகை முடிவதே இல்லை. பெரும்பாலும் வினாவை நீங்கள் மாற்றிப் படித்திருப்பீர்கள், அதிவேகக் கால வளர்ச்சியைச் சூத்திரத்தில் போட்டிருப்பீர்கள். 10 ஐயும் 12 ஐயும் வைத்தால் பகுதி 0.02 ஆகி, டெர்மினல் வேல்யூ ஊதிப் பெருத்துவிடும். அப்படித் திடீரென்று பெரிய எண் வந்தால் நின்று பாருங்கள்.

கடைசியில் கடன், ரொக்கம் இரண்டையும் எப்படிக் கையாள்வது? சந்தை மதிப்பா, புத்தக மதிப்பா?

கடனின் சந்தை மதிப்பு கொடுத்திருந்தால் அது, இல்லாவிட்டால் புத்தக மதிப்பு. உபரி ரொக்கத்தையும் வியாபாரத்துக்குத் தொடர்பில்லாத முதலீடுகளையும் கூட்டலாம், ஆனால் அவற்றிலிருந்து வரும் வட்டி வருமானம் எபிட்டுக்குள் சேர்ந்திருக்கக் கூடாது. சேர்ந்திருந்தால் முதலில் எபிட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். நடைமுறை மூலதனத்துக்குள் ஏற்கெனவே எண்ணப்பட்ட ரொக்கத்தையும் மறுபடி கூட்டாதீர்கள்.

வினா 'நிறுவனத்தின் மதிப்பு' கேட்கிறதா, 'ஈக்விட்டி மதிப்பு' கேட்கிறதா என்று கடைசி வரியை ஒருமுறை படித்துவிடுங்கள். 1907.22 கேட்ட இடத்தில் 1657.22 எழுதி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஃபேக்டரை எத்தனை தசமம் வரை எடுப்பது? என் விடை புத்தக விடையோடு சில புள்ளிகள் மாறுகிறதே?

மூன்று தசமம் போதும். எதை எடுத்தீர்கள் என்பது அட்டவணையில் தெரிந்தால் சரி. ஆனால் டெர்மினல் வேல்யூ வரிசையில் சின்ன வித்தியாசமும் பெரிதாகத் தெரியும். 0.712 க்குப் பதில் 0.7118 என்று போட்டால் 1641.47 என்பது 1641.01 ஆகும். அதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் ஒரே விடையில் வருடப் பணவரவுக்கு மூன்று தசமமும் டெர்மினல் வேல்யூவுக்கு நான்கு தசமமும் கலந்து போடாதீர்கள். 4-ஆம் ஆண்டுப் பணவரவை 161 என்று முழு எண்ணாக்குவதும் வேண்டாம். அந்த 0.38 ஐ 0.07 ஆல் வகுக்கும்போது 5.43 ஆகப் பெருகிவிடும்.